ஹாய் அம்மம்மா, போட்டு வாறன்: இருமொழி வீட்டில் குழந்தைகள் வணக்கம் சொல்லும் விதம்

பள்ளியிலிருந்து வந்த பிள்ளை கதவைத் திறந்ததும் "ஹாய் அம்மம்மா" என்கிறது. காலையில் போகும்போது "பாய் அம்மம்மா, போட்டு வாறன்" என்கிறது. இதைக் கேட்கும் உறவினர்களிடமிருந்து இரண்டு விதமான தீர்ப்பு வரும். பிள்ளைக்கு இரண்டு மொழியும் குழம்பிவிட்டது என்பார்கள் சிலர். பிள்ளைக்குத் தமிழ் மேல் அக்கறை இல்லை, பெற்றோர் சொல்லிக்கொடுக்கவில்லை என்பார்கள் வேறு சிலர். பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே தவறு. அந்தப் பிள்ளை ஓர் ஒழுங்கைப் பின்பற்றித்தான் பேசுகிறது. அந்த ஒழுங்கு என்ன, அது எங்கே இடறுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டாகக் கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, அம்மாவின் தாய், எட்டு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன். அப்பாவின் தாய் சாவகச்சேரியில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் பேசுவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி மொழி ஆங்கிலம். வீட்டில் தமிழும் ஆங்கிலமும். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இவர்கள் பேசுவது அங்குள்ள பல வீடுகளில் கேட்கும் பேச்சு.

## முதலில் ஒரு பெயர்

ஒரே பேச்சுக்குள், சில நேரம் ஒரே வாக்கியத்துக்குள், ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வருவதை மொழியியலில் 'கோட் ஸ்விட்சிங்' என்பார்கள். இங்கே அதை மொழித்தாவல் என்று அழைப்போம்.

வீட்டுச் செருப்பு, வெளிச் செருப்பு என்று இரண்டு வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். வாசல் வந்ததும் யோசிக்காமலே கால் மாற்றிக்கொள்ளும். அவருக்குச் செருப்பு குழம்பிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. எந்த இடத்தில் எது என்று அவருக்குத் தெரியும்; அதனால்தான் மாற்றுகிறார். மொழித்தாவலும் பெரும்பாலும் அப்படித்தான். இடம், ஆள், தேவை ஆகிய மூன்றும் எந்த மொழி என்பதை முடிவு செய்கின்றன.

பெரியவர்களிடமும் இது உண்டு. நோர்வேயின் வடக்கே ஹெம்னஸ்பெர்கே என்ற சிற்றூரில் யான்-பெட்டர் ப்லோம், ஜான் கம்பர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கவனித்ததை 1972-இல் எழுதினார்கள். ஊர் அலுவலகத்துக்கு வருபவர் எழுத்தரின் மேசைக்கு வந்ததும் முகமன் சொல்வதும் குடும்ப நலம் கேட்பதும் ஊர்ப் பேச்சில் நடக்கும். அலுவல் தொடங்கியதும் இருவரும் பொது நோர்வே மொழிக்கு மாறுவார்கள். முகமன் பகுதி ஒரு பேச்சிலும் வேலைப் பகுதி இன்னொரு பேச்சிலும் இருப்பது அங்கே யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை. முகமன் என்பது மொழி மாறுவதற்கு மிக இயல்பான இடம்.

தாவலையும் கடன்சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சாவகச்சேரி அப்பம்மா தொலைபேசியை எடுத்ததும் "ஹலோ" என்பார். அவருக்கு ஆங்கிலம் பேச வராது. ஆகவே அவர் மொழி தாவவில்லை. ஹலோ தமிழுக்குள் வந்து, தொலைபேசிக்கு மட்டும் உரிய சொல்லாகக் குடியேறிவிட்டது. நேரில் வருபவரைப் பார்த்து அவர் ஹலோ சொல்லவே மாட்டார். இப்படி மற்ற மொழி தெரியாதவரும் தன் மொழிச் சொல்லாகவே ஆள்வதுதான் கடன்சொல். பேரப்பிள்ளை நேரில் பார்த்து "ஹாய்" சொல்வது வேறு. அதற்குப் பின்னால் ஆங்கிலம் முழுவதுமாக நிற்கிறது.

சுருக்கமாக: இரண்டு மொழி தெரிந்தவர் ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாற்றிப் பேசுவது மொழித்தாவல். ஒரு மொழி மட்டும் தெரிந்தவரும் புழங்குவது கடன்சொல். பிள்ளைகளின் ஹாய், பாய் பெரும்பாலும் முதல் வகை.

## ஆங்கிலத்தில் சொல்வது, தமிழில் கேட்பது

இந்தக் கட்டுரையின் மையம் இந்தப் பகுதிதான். "ஹாய்க்குத் தமிழில் என்ன?" என்று பிள்ளை கேட்டால் "வணக்கம்" என்று பதில் சொல்லிவிடுகிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் அதுதான் முதல் பாடம். ஆனால் வீட்டுக்குள் அம்மா அப்பாவிடம் வணக்கம் சொல்வதில்லை. மகள் அம்மம்மாவிடம் சொல்வதில்லை. மேடை, கூட்டம், வானொலி, புதிதாக அறிமுகமாகும் பெரியவர் ஆகிய இடங்கள்தான் வணக்கத்துக்கு உரியவை. பிள்ளை ஒருநாள் காலையில் எழுந்து வந்து "வணக்கம் அம்மா" என்றால் வீடே சிரிக்கும். ஏன் சிரித்தார்கள் என்று பிள்ளைக்குப் புரியாது. மறுநாள் ஹாய்க்கே திரும்பிவிடும்.

அப்படியானால் வீட்டுத் தமிழில் முகமன் எது? கதவைத் திறந்து ஒருவர் உள்ளே வரும் நொடியைக் கவனியுங்கள். வீட்டில் இருப்பவர் "வாங்கோ" என்கிறார். பிள்ளையானால் "வா ராசா, வந்திட்டியோ?" அடுத்தது "சாப்பிட்டாச்சோ?" அல்லது "எப்பிடி இருக்கிறீங்கள்?" முதலாவது அழைப்பு, மற்றவை கேள்விகள். தமிழில் நலம் 'விசாரிக்கிறோம்', சுகம் 'கேட்கிறோம்'. ஆங்கிலத்தில் ஹாய் 'சொல்கிறார்கள்'. இந்த வினைச்சொல் வேறுபாட்டுக்குள்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். ஆங்கில முகமன் இரு பக்கமும் ஒன்றுதான். ஒருவர் ஹாய் என்றால் மற்றவரும் ஹாய்; பாய் என்றால் பாய். தமிழில் இருப்பவருக்கு ஒரு வசனம், வருபவருக்கு வேறு. இருப்பவர் "வாங்கோ" என்பார். வருபவர் அதையே திருப்பிச் சொன்னால் அபத்தம். சரி, வருபவருக்கு என்ன வசனம்? யோசித்துப் பார்த்தால் அநேகமாக ஒன்றும் இல்லை. வாசலில் நின்று "அம்மா!" என்று கூப்பிடலாம். ஒரு சிரிப்போடு உள்ளே வரலாம். அழைக்க வேண்டிய கடமை வீட்டில் இருப்பவருடையது. வருபவர் பதில் சொன்னால் போதும்.

இப்போது பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வகுப்பறையில் உள்ளே வருபவர்தான் முதலில் ஹாய் சொல்ல வேண்டும் என்று அது நாள்தோறும் பழகுகிறது. வீட்டுக்குள் வரும்போதும் ஏதாவது சொல்லத் தோன்றுகிறது. தமிழில் அந்த இடம் காலி. ஆகவே ஹாய் அங்கே போய் உட்கார்கிறது. தமிழ்ச் சொல் ஒன்றை அது தள்ளிவிடவில்லை. கூடவே "அம்மம்மா" என்ற முறைச்சொல் தமிழிலேயே நிற்பதையும் கவனியுங்கள். "ஹாய் கிராண்ட்மா" என்று சொல்லும் பிள்ளைகள் இந்த வீடுகளில் குறைவு. தமிழில் முறை சொல்லிக் கூப்பிடுவதே பாதி முகமன். அந்தப் பாதியைப் பிள்ளை விடவில்லை.

சுருக்கமாக: ஆங்கில முகமன் இருபுறமும் ஒரே சொல். தமிழ் வீட்டு முகமன் ஒருவர் அழைத்தோ கேட்டோ மற்றவர் பதில் சொல்வது. வருபவருக்குத் தமிழில் தனி வசனம் இல்லாத இடத்தைத்தான் ஹாய் நிரப்புகிறது.

## விடைபெறும்போது கதை வேறு

வரும்போது காலியாக இருக்கும் இடம் போகும்போது நிறைந்திருக்கிறது. போகிறவர் "போட்டு வாறன்" என்பார். தமிழ்நாட்டில் "போயிட்டு வரேன்". இருப்பவர் "ஓம், போட்டு வா" என்பார். "போறன்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பெரியவர்கள் காதுக்கு நல்லதல்ல. திரும்பி வராதவர் சொல்லும் சொல் அது. பலர் இன்னும் சுருக்கி "அப்ப நான் வாறன்" என்றே சொல்லிப் புறப்படுவார்கள்.

சின்னப் பிள்ளைக்கு இது பெரிய புதிர். நான்கு வயதுப் பையனின் மாமா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு "அப்ப நான் வாறன்" என்கிறார். பையன் கதவருகே நின்று அவர் உள்ளே வரக் காத்திருக்கிறான். சொற்களின் நேர்ப்பொருளைப் பிடித்தால் முகமன் புரியாது. முகமன்கள் துண்டு துண்டாகப் பொருள் கொள்ளப்படுபவை அல்ல, முழுதாக ஒரு தருணத்தோடு ஒட்டியவை. மொழியியலார் இவற்றை வாய்பாட்டுத் தொடர்கள் என்பார்கள். கூட்டல் வாய்பாட்டை மனனம் செய்வதுபோல, பிரிக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளும் தொடர் என்று பொருள்.

முழுதாக மனத்தில் கிடப்பதால்தான் இரண்டு மொழி வாய்பாடுகளை அடுத்தடுத்து வைப்பது எளிது. "பாய் அம்மம்மா, போட்டு வாறன்" என்பதில் எந்த இலக்கணமும் உடையவில்லை. முழு ஆங்கிலத் துண்டு, தமிழ் முறைச்சொல், முழுத் தமிழ்த் துண்டு. தாவல் மூட்டுகளில் நடக்கிறது, எலும்புக்குள் அல்ல. "அம்மம்மாக்கு பாய் சொல்லிட்டன்" என்று பிள்ளை சொல்லும்போது இன்னொரு வகை நடக்கிறது. வாக்கியத்தின் சட்டகம் தமிழ். வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழ். நடுவில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல் பதிக்கப்பட்டிருக்கிறது. உருபும் வினை முடிவும் எந்த மொழியோ அதுவே சட்டக மொழி. பிள்ளை தமிழில் கட்டுகிறதா, ஆங்கிலத்தில் கட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் சொற்களை எண்ண வேண்டாம். வாக்கியத்தின் முடிவைக் கேளுங்கள்.

## மரியாதை எங்கே தொலைகிறது

ஹாய், பாய் பற்றிக் கவலைப்படுவதைவிட நான் கவலைப்படச் சொல்வது இதைப் பற்றி. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வரும் பிள்ளை அம்மம்மாவைப் பார்த்து "எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்கும். சொற்கள் முழுவதும் தமிழ். ஆனால் ஹாயைவிட இதுதான் அம்மம்மாவுக்குச் சுருக்கென்று இருக்கும்.

இது ஏன் நடக்கிறது? ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள். ஆனால் ஆங்கிலம் மட்டும் காரணம் அல்ல. பிள்ளை தமிழ் முகமனை எங்கிருந்து கற்கிறது என்று பாருங்கள். அம்மம்மா பிள்ளையைப் பார்த்து "எப்பிடி இருக்கிறாய்?" என்கிறார். அம்மா "சாப்பிட்டியோ?" என்கிறார். பிள்ளையை நோக்கி வரும் எல்லாமே 'நீ' வடிவம். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டியதோ 'நீங்கள்' வடிவம். அதை யாரும் அதனிடம் சொல்வதில்லை. ஹாய் எதிரொலியாகக் கற்கக்கூடியது: கேட்டதை அப்படியே திருப்பினால் சரி. தமிழ் முகமன் எதிரொலியாகக் கற்கக்கூடியது அல்ல. அடுத்தவர்கள் தங்களுக்குள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுத்தான் அது வரும்.

ஊரில் இது தானாக நடந்தது. வீட்டுக்கு ஒரு நாளில் நான்கைந்து பேர் வருவார்கள். அப்பா அவர்களை "வாங்கோ, இருங்கோ" என்பதைப் பிள்ளை காலடியில் விளையாடிக்கொண்டே கேட்கும். ஸ்கார்பரோ அடுக்குமாடியில் ஐந்து பேர் மட்டும் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் அரைவாசி ஆங்கிலம். மரியாதை வடிவம் பிள்ளையின் காதில் விழும் வாய்ப்பே அரிதாகிவிடுகிறது. இதற்காகவே பல யாழ்ப்பாணக் குடும்பங்கள் சின்னப் பிள்ளைகளிடமே "சாப்பிடுங்கோ செல்லம்", "வாங்கோ ராசா" என்று பேசுவதுண்டு. பிள்ளைக்கு மரியாதை கொடுப்பதாகத் தோன்றினாலும், திருப்பிச் சொல்ல வேண்டிய வடிவத்தையே கொடுத்துவிடும் நல்ல உத்தி அது. அப்போது எதிரொலித்தாலும் சரியாகவே வரும்.

பெரிய பிள்ளைகளிடம் இதன் இன்னொரு முகம் தெரியும். எட்டு வயதுப் பெண்ணின் முன் அறிமுகமில்லாத ஓர் உறவினர் வந்து நிற்கிறார். மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று தெரியாது. தமிழில் முகமன் தொடங்க முறை தெரிந்தாக வேண்டும். "ஹாய் அங்கிள்" என்றால் தெரியாமலே தப்பித்துவிடலாம். அவள் தமிழைத் தவிர்க்கவில்லை, தப்பாக முறை சொல்லிவிடக்கூடாது என்று தவிர்க்கிறாள். கதவைத் திறக்கும் முன் "வாறவர் உனக்கு மாமா முறை" என்று ஒரு வரி சொல்லிவைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

சுருக்கமாக: ஹாய் ஒரு தாவல். "எப்பிடி இருக்கிறாய் அம்மம்மா" ஒரு பிழை. தாவலுக்குத் திருத்தம் தேவையில்லை. பிழைக்குத் திருத்தம், பிள்ளை காதில் விழும்படி பெரியவர்கள் ஒருவரோடொருவர் மரியாதை வடிவத்தில் பேசுவது.

## ஒரு வீடியோ அழைப்பு, வரி வரியாக

கோடைகாலச் சனிக்கிழமை. டொராண்டோவில் காலை 8 மணி. சாவகச்சேரியில் மாலை 5.30.

அப்பம்மா: ஹலோ… ஹலோ… கேக்குதோ?
அப்பா: ஓம் அம்மா, கேக்குது. எப்பிடி இருக்கிறீங்கள்?
அப்பம்மா: நான் சுகம். பிள்ளையள் எங்கை?
அப்பா: தம்பி, சே ஹாய் டு அப்பம்மா.
தம்பி: ஹாய்!
அப்பம்மா: வாடா ராசா. சாப்பிட்டாச்சோ?
தம்பி: நோ.
அப்பம்மா: ஏன் இன்னும் சாப்பிடேல்லை?
(தம்பி பேசாமல் அப்பாவைப் பார்க்கிறான்.)
அக்கா: குட் மோர்னிங் அப்பம்மா! எப்பிடி இருக்கிறாய்?
அப்பம்மா: இங்கை பின்னேரம் பிள்ளை.

அப்பாவின் இரண்டாவது வரியில்தான் எல்லாம் திரும்புகிறது. அதற்கு முன் அவர் தன் தாயிடம் அழகாகத் தமிழில் நலம் கேட்டார். பிள்ளைகள் அப்போது பக்கத்து அறையில் இருந்திருப்பார்கள். கேட்டிருக்க வேண்டிய வரி அது. பிள்ளையிடம் திரும்பியதும் அப்பா ஆங்கிலத்துக்குத் தாவினார். கட்டளையும் ஆங்கிலம், கொடுத்த சொல்லும் ஆங்கிலம். தம்பி கீழ்ப்படிந்தான். பிறகு "தமிழில் பேசமாட்டேன் என்கிறான்" என்று அவனைக் குறை சொல்வது நியாயமில்லை.

இப்படி எடுத்துக் கொடுப்பது உலகெங்கும் பெற்றோர் செய்வதுதான். எஸ்தர் கிரைஃப், ஜீன் பெர்கோ கிளீசன் இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் 22 குழந்தைகளைக் கவனித்தார்கள். ஹாய், பாய் என்ற சொற்களைத் தாமாகச் சொன்ன சந்தர்ப்பங்கள் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான். மற்ற இடங்கள் பலவற்றில் பெற்றோர் "சொல்லு, சொல்லு" என்று தூண்டினார்கள். சின்னப் பிள்ளையின் முகமன் பெரும்பாலும் பெற்றோர் வாயில் வைத்த வரி. ஆகவே வாயில் வைக்கும் வரி எந்த மொழி என்பதே முதல் கேள்வி.

"அப்பம்மாவுக்கு ஹாய் சொல்லு" என்று தமிழ்ச் சட்டகத்தில் சொன்னாலும் பயன் இல்லை. பிள்ளை எடுத்துக்கொள்வது நடுவில் உள்ள ஹாயை. "அப்பம்மாவோடை கதை" என்றாலும் போதாது, என்ன வரி என்று அதில் இல்லை. "'எப்பிடி இருக்கிறீங்கள் அப்பம்மா' எண்டு கேள்" என்று முழு வரியையும், மரியாதை முடிவோடு, 'கேள்' என்ற வினையோடு கொடுக்க வேண்டும்.

அடுத்து "சாப்பிட்டாச்சோ?" என்ற கேள்விக்குத் தம்பி சொன்ன "நோ". அவன் உண்மையைச் சொன்னான். காலை எட்டு மணிக்கு இன்னும் சாப்பிடவில்லை. ஆனால் அப்பம்மா கேட்டது தகவல் அல்ல, நலம். வாய்பாட்டுக் கேள்விக்கு வாய்பாட்டுப் பதில் "ஓம், நீங்கள் சாப்பிட்டாச்சோ?" என்று திருப்பிக் கேட்பது. இல்லையென்றால் "இனித்தான், நீங்கள்?" இந்தத் திருப்பிக் கேட்கும் பாதி பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. அதனால்தான் அழைப்பு இரண்டாவது வரியில் செத்துவிடுகிறது. அப்பம்மாவுக்கு ஏன் எப்போதும் சாப்பாட்டு நினைவே என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வதும் இதனால்தான். "ஹவ் ஆர் யூ" என்பவர் மருத்துவ அறிக்கையை எதிர்பார்ப்பதில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். இதுவும் அது போன்றதுதான் என்று ஒருமுறை சொன்னால் எட்டு வயதுக்கு உடனே பிடிபடும்.

அக்காவின் "குட் மோர்னிங்" வேறு விதத்தில் இடறியது. அந்த முகமன் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. 9 மணி 30 நிமிட இடைவெளியில், குளிர்காலமானால் 10 மணி 30 நிமிடத்தில், அது பொய்யாகிவிடுகிறது. அதைத் தமிழாக்கி "காலை வணக்கம்" என்று சொல்லியிருந்தாலும் அதே சிக்கல். மேலும் அது செய்தி வாசிப்பவரின் குரலாக ஒலிக்கும். வீட்டுத் தமிழில் காலைக்கென்று முகமன் கிடையாது. "எழும்பிட்டியோ?" என்ற கேள்வியே அந்த வேலையைச் செய்கிறது.

சுருக்கமாக: அழைப்பில் மொழி மாறியது பிள்ளையால் அல்ல, எடுத்துக் கொடுத்த வரியால். அது நின்றுபோனது திருப்பிக் கேட்கும் பாதி தெரியாததால்.

## முதல் வரி ஏன் இவ்வளவு முக்கியம்

முகமன்கள் சோடியாக வரும். ஒருவர் ஒன்றைச் சொன்னால் மற்றவர் அதற்குரிய மறுபாதியைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே ஒரு செய்தி. உரையாடலை ஆராய்பவர்கள் இதை அடுத்தமைச் சோடி என்பார்கள். முதல் பாதி எந்த மொழியோ மறுபாதியும் பெரும்பாலும் அந்த மொழிக்கே இழுக்கப்படும். அம்மா "ஹாய், ஹவ் வாஸ் ஸ்கூல்?" என்று தொடங்கினால் அடுத்த பத்து நிமிடமும் ஆங்கிலத்தில் போகும். "வந்திட்டியோ? என்ன நடந்தது இண்டைக்கு?" என்று தொடங்கினால் பதிலில் ஆங்கிலச் சொற்கள் நிறைய வரலாம், ஆனால் சட்டகம் தமிழாக நிற்க வாய்ப்பு அதிகம்.

பிள்ளை ஆங்கிலத்தில் தொடங்கினால் பெரியவர் என்ன செய்வது? எலிசபெத் லான்சா என்ற ஆய்வாளர் நோர்வேயில் ஆங்கிலமும் நோர்வே மொழியும் பேசும் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையை ஆராய்ந்து, பெற்றோர் பதிலளிக்கும் ஐந்து வழிகளைப் பிரித்தார். பிள்ளை "ஹாய் அம்மம்மா, ஐ ஆம் ஹங்ரி" என்கிறது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். புரியாததுபோல் "என்ன சொன்னனீ?" என்பது முதல் வழி. "பசிக்குதோ?" என்று ஊகித்துக் கேட்பது இரண்டாவது. "ஓ, பசிக்குதாம் பிள்ளைக்கு" என்று தமிழில் திருப்பிச் சொல்வது மூன்றாவது. ஒன்றும் சொல்லாமல் தமிழிலேயே மேலே தொடர்வது நான்காவது. தானும் ஆங்கிலத்துக்குத் தாவுவது ஐந்தாவது. முதலாவது பிள்ளையைத் தமிழை நோக்கி மிகுதியாகத் தள்ளும். ஐந்தாவது இரண்டு மொழியையும் தாராளமாக விடும்.

ஆனால் முகமனுக்கு முதலாவது வழி பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ஆசையாக ஓடிவந்து ஹாய் என்ற பிள்ளையிடம் "என்ன?" என்று கேட்டால், அதற்குக் கேட்பது மொழித் திருத்தமாக அல்ல, அன்பை ஏற்க மறுத்ததாக. சோடியின் மறுபாதி வராத வலி அது. "ஹாய்க்கு நான் பதில் சொல்ல மாட்டன், தமிழில சொல்லு" என்பதும் அதேதான். முகமனுக்குச் சிறந்தது, ஏற்றுக்கொண்டு தமிழில் மறுபாதி கொடுப்பது: "வா ராசா, வந்திட்டியோ? பசிக்குதோ?" பிள்ளையின் ஹாய் வீணாகவில்லை. தமிழில் இருப்பவர் சொல்ல வேண்டிய வரியும் காதில் விழுந்தது.

## வீட்டில் செய்து பார்ப்பது

ஒரு வாரம் ஒரு தாளில் குறியுங்கள். யாரிடம், வரும்போதா போகும்போதா பதிலாகவா, பிள்ளை சொன்னது என்ன, அதற்கு முன் பெரியவர் சொன்னது என்ன. இருபது குறிப்பு சேர்ந்தால் போதும். அம்மம்மாவிடம் ஒரு விதமாகவும் பக்கத்து வீட்டு நண்பனிடம் வேறு விதமாகவும் பேசியிருந்தால் பிள்ளை இரண்டு மொழியையும் பிரித்தே வைத்திருக்கிறது. மொன்றியலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த, இரண்டு வயதையொட்டிய குழந்தைகளே தாயிடம் தாயின் மொழியையும் தந்தையிடம் தந்தையின் மொழியையும் கூடுதலாகப் பேசியதை ஃபிரெட் ஜெனஸீயும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் காட்டினார்கள். மாறாக, எல்லோரிடமும் எல்லா நேரமும் ஒரே ஹாய் மட்டும் என்றால், தமிழ் வரிகள் பிள்ளையின் காதில் போதிய அளவு விழவில்லை என்று பொருள். தாளில் கடைசியாகக் குறித்ததையும் பாருங்கள்: ஆங்கிலப் பதில்களுக்கு முன் நின்றது எத்தனை முறை பெரியவரின் ஆங்கிலம்?

திருத்தத்தை எல்லா முகமனிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். காலையில் விடைபெறுவதை மட்டும் எடுங்கள். தமிழில் அந்த இடத்துக்கு உறுதியான வரி இருக்கிறது, ஒவ்வொரு நாளும் அதே வாசலில் அதே நேரத்தில் வருகிறது, ஒரு வாக்கியம்தான். முதலில் அப்பா, பிள்ளை சப்பாத்துப் போடும்போது, மாமியாரிடம் "மாமி, போட்டு வாறன்" என்று சொல்லிப் புறப்படட்டும். அவர் "ஓம் தம்பி, போட்டு வாங்கோ" என்பார். பிள்ளையிடம் எதுவும் கேட்க வேண்டாம். ஓரிரு வாரம் இந்தச் சோடியைப் பிள்ளை வெறுமனே கேட்கட்டும். அதன் பிறகு அம்மம்மா பிள்ளையைப் பார்த்து "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று முழு வரியைக் கொடுக்கலாம். "பாய்"ஐத் தடுக்க வேண்டாம். "பாய் அம்மம்மா, போட்டு வாறன்" என்று இரண்டும் சேர்ந்து வந்தால் அது வெற்றிதான்.

அது நிலைத்த பிறகு அடுத்தது சனிக்கிழமை அழைப்பு. இங்கே பிள்ளைக்கு இரண்டு வரி போதும்: "எப்பிடி இருக்கிறீங்கள் அப்பம்மா?", "ஓம், நீங்கள் சாப்பிட்டாச்சோ?" அழைப்புக்கு முன் அப்பா ஒருமுறை அப்பம்மாவாக நடித்து ஒத்திகை பார்த்தால் நான்கு வயதுக்கு அது விளையாட்டு. அழைப்பு வந்ததும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அப்பா முதலில் பேச வேண்டும், அவருடைய "எப்பிடி இருக்கிறீங்கள்" அவர்கள் காதில் விழுவதற்காக. பிள்ளை தப்பாக 'இருக்கிறாய்' என்றால் அழைப்பை நிறுத்தித் திருத்த வேண்டாம். அப்பாவே அடுத்த வரியில் "ஓம் அம்மா, எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேக்கிறாள்" என்று சரியான வடிவத்தைச் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஊரில் இருப்பவரின் முன் திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த சனிக்கிழமை கேமராவுக்கு முன்னால் வராது.

மொழி கலப்பது பேச்சுத் தாமதத்தின் அடையாளம் அல்ல. ஆனால் பெயர் சொல்லி அழைத்தாலும், ஹாய் என்றாலும் வா என்றாலும், இரண்டு மொழியிலும் பிள்ளை திரும்பிப் பார்க்கவோ கையசைக்கவோ செய்யவில்லை என்றால் அது வேறு விடயம். கேட்கும் திறனையும் பேச்சு வளர்ச்சியையும் சோதிக்க வேண்டும். சொற்களை எண்ணும்போது தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்தே எண்ணும்படி சோதிப்பவரிடம் கேளுங்கள்.

அம்மம்மாவிடமும் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். பிள்ளை வாசலில் ஹாய் என்று வந்து நிற்பதற்குக் காரணம், அந்த இடத்தில் தமிழ் பேச வேண்டிய முறை அவருடையது. பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே, சாவித் துவாரத்தில் சத்தம் கேட்டதுமே, "வா ராசா, வந்திட்டியோ?" என்று அவர் தொடங்கிவிட்டால், பிள்ளையின் முதல் சொல் பல நாட்களில் "ஓம் அம்மம்மா" என்றே இருக்கும்.